பத்தாவது சுற்றில் வந்த விடை

எங்கள் ஊரில் வெளித் தேர்வாளரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அதனால் ப்ராக்டிகல் தேர்வு நடத்த வேறு கல்லூரியிலிருந்து வருகிறவருக்கு ஒரு டீ செட், வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, மேஜைக்குக் கீழே தயாராக இருக்கும். மதியம் பிரியாணி. நடுவில் இரண்டு தடவை சமோசா. அவர் எங்கள் பிள்ளைகளின் தாளைப் பார்த்தும் பார்க்காமலும் மார்க் போடுவார். அடுத்த வாரம் எங்கள் துறையிலிருந்து ஒருவர் அவர் கல்லூரிக்குப் போவார், அங்கே அவருக்கு முந்திரிப்பருப்பு. இதை யாரும் லஞ்சம் என்று சொல்லமாட்டார்கள், மரியாதை என்பார்கள். அந்த மரியாதையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் குமட்டிப் போயிருந்தது.

நான் சொல்வது இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊருக்கு வெளியே வயல்களை மனைகளாக்கி, அந்த மனைகளின் நடுவே எழுப்பிய ஒரு தனியார் கலைக் கல்லூரியில் நான் கணக்கு விரிவுரையாளராக இருந்த காலம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு நியூமரிக்கல் மெத்தட்ஸ் என்கிற பாடம் என் தலையில் விழுந்திருந்தது. விழுந்தது என்று சொல்லிக்கொண்டாலும் எனக்கு அது பிடித்த பாடம். சூத்திரம் வைத்து நேரடியாகத் தீர்க்க வராத சமன்பாட்டை, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் போய்ப் பிடிக்கும் வித்தை அது. எந்த எண்ணைப் போட்டால் சமன்பாட்டின் மதிப்பு பூஜ்யமாகிறதோ அதுதான் ரூட். அதைத் தேடிப் போக வழிகள் பல உண்டு. வகுப்பில் முதலில் நடத்துவது இரண்டு.

ஒன்று, பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போவது. ஓர் எண்ணைப் போட்டால் மதிப்பு மைனஸ், இன்னோர் எண்ணைப் போட்டால் பிளஸ், நடுவில் கோடு அறுபடாமல் போகிறது என்றால், அந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் அது பூஜ்யத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நடு எண்ணைப் போட்டுப் பார், குறி எந்தப் பக்கம் மாறுகிறதோ அந்தப் பாதியை வைத்துக்கொள், மற்றதைத் தூக்கி எறி. மாட்டுவண்டி வேகம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சந்தேகம் சரிபாதியாகக் குறையும். எத்தனை சுற்றில் எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, தொடுகோட்டு முறை. நிற்கிற இடத்தில் வளைவுக்கு ஒரு தொடுகோடு போட்டு, அது கிடைக்கோட்டை வெட்டும் இடத்துக்குத் தாவுவது. ரூட்டுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் நாலு தாவலில் வேலை முடிந்துவிடும், சரியான இலக்கங்கள் ஒவ்வொரு தாவலிலும் ஏறக்குறைய இரட்டிக்கும். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் தொடங்கும் இடம் தப்பானால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லமுடியாது. அதனால் நிற்கவேண்டிய இடம் வந்துவிட்டதா என்று பார்க்கத் தெரியாதவன் இந்த முறையைத் தொடவே கூடாது என்று வகுப்பில் கத்துவேன்.

கத்துவேன் என்பது உண்மை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அடுத்தடுத்து வந்த இரண்டு எண்கள் நெருங்கிவிட்டன என்பதை மட்டும் வைத்து விடை வந்துவிட்டது என்று எழுதாதே, மெதுவாக நகர்கிற முறை விடைக்கு வெகு தூரத்தில் இருக்கும்போதும் அடிமேல் அடி வைத்துத்தான் நகரும் என்பேன். மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்தும் எழுதாதே, வளைவு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தால் ரூட் தூரத்தில் இருக்கும்போதே மதிப்பு சின்னதாகத்தான் தெரியும் என்பேன். இரண்டையும் பார். முடிந்தால் விடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு மயிரிழை தள்ளிக் குறி மாறுகிறதா என்று பார். இத்தனை சுற்றுக்கு மேல் போகாதே என்று ஒரு எல்லை வை, அந்த எல்லைக்குள் வரவில்லையானால் வரவில்லை என்று எழுது. பிள்ளைகளில் பாதிப் பேர் இதை எழுதிக்கொள்வார்கள், மீதிப் பேர் ஜன்னல் வழியாகக் கேன்டீனைப் பார்ப்பார்கள்.

தியரி என் கையில் இருந்தது. லேப் துறைத்தலைவர் கையில். அவர் எழுதிய லேப் மேனுவல்தான் வேதம். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு விற்கும். அதிலிருந்த தொடுகோட்டு முறை புரோகிராமை முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. பத்துச் சுற்று ஓடு, கடைசியில் கையில் என்ன இருக்கிறதோ அதை ரூட் என்று அச்சடி. அவ்வளவுதான். நெருங்கிவிட்டதா, விலகிப் போகிறதா, நின்ற இடத்தில் சமன்பாட்டின் மதிப்பு என்ன என்று எதுவுமே அதில் கிடையாது. அவரிடம் கேட்டேன்.

"பத்து தபா ஓடுனா வந்துடும் மேடம். பத்து வருசமா வந்துக்கிட்டுதான் இருக்குது" என்றார்.

வந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் அந்தப் பத்து வருஷமும் கணக்கு ஒன்றேதான். x³ - 2x - 5. தொடக்கம் 2. விடை 2.0946. எங்கள் கல்லூரியில் எத்தனையோ பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொடாமலே இந்த எண்ணை மனப்பாடமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வருஷம் நிர்வாகத்துக்கு யாரோ புகார் எழுதிப்போட, கேள்வியை மாற்றச் சொன்னார்கள். துறைத்தலைவர் மாற்றினார். கடைசி எண்ணில் மைனஸ் ஐந்தைப் பிளஸ் இரண்டாக்கினார். தொடக்க மதிப்பு 2 என்பதைப் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று 0 ஆக்கினார். தன் புரோகிராமில் போட்டு ஓட்டினார், வந்ததை விடைக்குறிப்பில் எழுதி உறையில் வைத்து மூடினார். அந்த 0 தான் எல்லாவற்றுக்கும் காரணம். அப்போது அது எனக்குத் தெரியாது, உறை தேர்வன்று காலையில்தான் பிரிக்கப்பட்டது.

தேர்வு நாளன்று லேப் வாசலில் நாற்பது பேருடைய செருப்பு, உள்ளே ஏசி பழுது, யூபிஎஸ் நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்திக்கொண்டிருந்தது. உள் தேர்வாளர் நான். வெளித் தேர்வாளர் சிதம்பரம் பக்கத்துக் கல்லூரிக்காரர், ஐம்பது வயதிருக்கும், வந்ததும் முதல் கேள்வியே, "மேடம், சேத்தியாத்தோப்பு வழியா அஞ்சு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குது இல்ல?" என்பதுதான். பிள்ளைகள் சீட்டு எடுத்தார்கள். புதுக் கேள்வி ஐந்து பேருக்கு விழுந்தது. அதில் ஒருத்தி பெண்ணாடத்துப் பெண்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்பா சர்க்கரை ஆலையில் அரவைப் பருவத்துக்கு மட்டும் வேலை, மற்ற நாளில் கரும்பு வெட்டு. அவளைச் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எடுத்திருந்தது. எங்கள் கல்லூரியில் அந்த வருஷம் அப்படி வேலை கிடைத்தவள் அவள் ஒருத்திதான். ஒரே நிபந்தனை, எந்தப் பாடத்திலும் அரியர் இருக்கக்கூடாது. லேப் தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். இதில் போனால் அடுத்த வருஷம்தான், வேலையும் போச்சு. இது எனக்கும் தெரியும், துறைத்தலைவருக்கும் தெரியும், வாசலில் அவள் பேரும் போட்டோவும் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்ததால் ஊருக்கே தெரியும்.

மற்ற நாலு பேரும் மேனுவல் புரோகிராமை அப்படியே அடித்து ஓட்டினார்கள். திரையில் ரூட் 0.0000 என்று வந்தது. விடைக்குறிப்பிலும் 0.0000. வெளித் தேர்வாளர் டிக் போட்டுக்கொண்டே வந்தார். இந்தப் பெண்ணின் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, அவுட்புட் வரலியா?"

"வந்துச்சு சார். கன்வெர்ஜ் ஆவலன்னு வந்துச்சு."

அவள் நான் சொல்லிக்கொடுத்தபடி எழுதியிருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை அச்சடித்து, தாவலின் நீளத்தையும் மதிப்பையும் இரண்டையும் சோதித்து, எல்லைக்குள் வரவில்லையானால் வரவில்லை என்று சொல்லும் புரோகிராம். திரையில் வரிசையாக 1, 0, 1, 0, 1, 0 என்று இறங்கியிருந்தது. கீழே, கன்வெர்ஜ் ஆகவில்லை, அதாவது எண்கள் ஓரிடத்தில் குவியவில்லை என்று ஒரு வரி.

நான் குனிந்து பார்த்தேன். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பூஜ்யத்தில் நின்றால் மதிப்பு 2, சரிவு மைனஸ் 2. தொடுகோடு நேராக 1க்குக் கொண்டுபோய் விடும். 1இல் நின்றால் மதிப்பு 1, சரிவும் 1. தொடுகோடு மறுபடி 0க்கே திருப்பி அனுப்பும். உலகம் அழிகிற வரைக்கும் ஓட்டினாலும் இது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அவள் மேல் ஒரு பெருமையும்.

அவள் அதோடு விடவில்லை. தாளின் பின்பக்கத்தில் பாதி பாதியாக வெட்டும் முறையில் தேடியிருந்தாள். மைனஸ் 2 போட்டால் மதிப்பு மைனஸ் 2. மைனஸ் 1 போட்டால் பிளஸ் 3. அப்படியானால் ரூட் இந்த இரண்டுக்கும் நடுவில். மைனஸ் 1.5, மைனஸ் 1.75 என்று நறுக்கிக்கொண்டே போய் மைனஸ் 1.7693இல் நிறுத்தி, இரண்டு பக்கமும் குறி மாறுவதையும் காட்டியிருந்தாள். கடைசியில் ஒரு வரி, தொடக்கத்தை 0க்குப் பதில் மைனஸ் 2 என்று எடுத்தால் தொடுகோட்டு முறையும் நாலே தாவலில் இதே இடத்துக்கு வருகிறது என்று. இதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்.

வெளித் தேர்வாளர் தாளைத் திருப்பக்கூட இல்லை. "அவுட்புட் இல்லைன்னா பாஸ் இல்லைங்க மேடம். எங்க காலேஜுலயும் அப்படித்தான்" என்று சொல்லி, அவுட்புட் கட்டத்தில் ஒரு கோடு இழுக்கப் போனார்.

"சார், அந்த விடைக்குறிப்புதான் தப்பு. பூஜ்யத்தை சமன்பாட்டுல போட்டுப் பாருங்க. ரெண்டு வருது. ரெண்டு எப்படி சார் பூஜ்யம் ஆவும்?"

அவர் போட்டுப் பார்க்கவில்லை. "புரோகிராம் பத்து இட்டரேஷன், பத்துச் சுத்தும் ஓடியிருக்குது இல்லைங்க" என்றார்.

பக்கத்துப் பையனின் கம்ப்யூட்டரில் பத்து என்று இருந்ததைப் பதினொன்றாக மாற்றி ஓட்டினேன். ரூட் 1.0000 என்று வந்தது. பன்னிரண்டு போட்டேன். மறுபடி 0.0000. "சொல்லுங்க சார், எது ரூட்டு?" என்றேன்.

அந்த மனிதர் நிதானமாக யோசித்தார். பிறகு, "மேனுவல்ல பத்துன்னுதானே போட்டிருக்காங்க. அப்போ பத்துதான்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கமோ சந்தேகமோ கொஞ்சமும் இல்லை. உதட்டோரம் சமோசாத் துணுக்கு ஒட்டியிருந்தது.

துறைத்தலைவருக்கு ஆள் போயிற்று. வந்தார். நான் போர்டில் வளைவை வரைந்து, இரண்டு தொடுகோட்டையும் போட்டு, ஒன்று மற்றதன் காலடிக்கு அனுப்பிவைப்பதைக் காட்டினேன். லேபில் இருந்த எல்லோரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறைத்தலைவருக்குப் புரிந்தது. அது எனக்குத் தெரிந்தது, அவர் கண் போர்டிலிருந்து நேராக விடைக்குறிப்புக்குப் போய்த் திரும்பியது. புரியாத மனிதரைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. புரிந்த மனிதரைப் பார்த்துத்தான் அருவருப்பு வந்தது.

"என்னா மேடம் இது, எக்ஸ்டர்னல் முன்னாடி" என்று ஆரம்பித்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் அந்த லேபில் தாழ்ந்த குரலும் எல்லோருக்கும் கேட்கும். "சரி, ஆவலங்கிறதுதான் விடைன்னே வச்சுக்குவோம். அப்போ பூஜ்யம்னு எழுதுன நாலு புள்ளைங்களும் ஃபெயிலு. போட்டுடலாமா? நீங்களே போடுங்க. அதுல ஒரு பொண்ணு நல்லூரு, வயித்துல புள்ளையோட வந்து எழுதுது."

"கேள்வியே தப்பு சார். அஞ்சு பேருக்கும் மார்க் குடுத்துட்டுக் கேள்வியை ரத்து பண்ணுங்க."

"ரத்துன்னா யுனிவர்சிட்டிக்கு எழுதணும். கேள்வி யாரு போட்டதுன்னு கேப்பான். ரிசல்ட்டை நிறுத்தி வெப்பான். இந்தப் பொண்ணு ரிசல்ட்டும்தான் நிக்கும். கம்பெனிக்காரன் காத்துக்கினு இருப்பானா?"

எவ்வளவு அழகாக ஒரு கண்ணி. தான் போட்ட தப்பான கேள்வியை, நாலு பேர் தலையிலும் ஒருத்தி வேலையிலும் சுற்றிக் கட்டி, அவிழ்க்கிற பழியை என் கையில் கொடுத்தார். மார்க் பட்டியலில் அவள் ஃபெயில் என்று இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னேன். போடாவிட்டால் வேறு உள் தேர்வாளரைப் போட்டுக்கொள்ள அதிகாரம் இருக்கிறது என்றார். வெளித் தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூபிஎஸ் கத்தியது.

வெளித் தேர்வாளருக்கே கடைசியில் ஒரு வழி தோன்றியது. ரொம்பத் தாராள மனசோடு சொன்னார்: "ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க. அந்தப் பொண்ணு அந்த செக் பண்ற லைனை மட்டும் எடுத்துட்டு இன்னொரு தபா ஓட்டட்டும். அவுட்புட் வந்துடும். நான் முழு மார்க்கும் போட்டுர்றேன்."

எடுக்காதே என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. கர்சரை மேலே கொண்டுபோய், சோதிக்கிற வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அவசரமே படவில்லை. தாவலின் நீளத்தைப் பார்க்கிற வரி, மதிப்பைப் பார்க்கிற வரி, குவியவில்லை என்று சொல்கிற வரி. கடைசியில் பத்து, ரூட், அச்சடி. திரையில் 0.0000 வந்தது. தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்த மைனஸ் 1.7693ஐயும் அதற்கு மேலிருந்த எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்துவிட்டு, முன்பக்கத்தில் ரூட் = 0.0000 என்று எழுதினாள்.

"பாத்தீங்களா, வந்துடுச்சு" என்றார் வெளித் தேர்வாளர். துறைத்தலைவர் சிரித்தார். மற்ற நாலு பேரும் அவளுக்காகச் சந்தோஷப்பட்டார்கள், அதைத் தப்புச் சொல்லமுடியாது. எனக்கு அந்த லேபில் நிற்கவே கூசியது. அந்தச் சுவர், அந்தத் திரைகள், மேஜைக்கடியில் இருந்த டீ செட், எல்லாவற்றின் மேலும் ஏதோ பிசுபிசுவென்று பூசியிருப்பதுபோல இருந்தது. ஒரு வருஷமாக இந்தப் பெண்ணுக்குக் கண்ணைத் திறந்து வைத்தேன். அதை மூடிக்கொண்டால்தான் பாஸ் என்று ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான் அவளுக்கு உடனே பிடிபட வேண்டியதாகவும் இருந்தது.

பாக்கி இருந்தது வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி, சம்பிரதாயத்துக்கு. வெளித் தேர்வாளர் மேனுவலைப் புரட்டி, முறையின் கடைசியில் அச்சடித்திருந்த கேள்விகளில் ஒன்றைப் படித்தார். அவர் அதை யோசித்துக் கேட்கவில்லை என்பது நிச்சயம்.

"கன்வெர்ஜ் ஆயிடுச்சுன்னு எப்படிம்மா முடிவு பண்ணுவே?"

நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். அவள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளைக்குரிய குரலில் பதில் சொன்னாள்.

"பெரியவங்க எத்தினாவது சுத்துல நிறுத்தச் சொல்றாங்களோ, அங்க நின்னா கன்வெர்ஜ் ஆயிடுச்சுன்னு அர்த்தம் சார்."

துறைத்தலைவர் தரையைப் பார்த்தார். வெளித் தேர்வாளர் மட்டும் தலையைத் தூக்காமல், "கரெக்ட், நம்பர் ஆஃப் இட்டரேஷன்ஸ்" என்று சொல்லிக்கொண்டே வைவாவுக்கு முழு மார்க் போட்டார்.